கிரைண்டர் விளம்பரச் சோதனை: தொடங்கும் முன் போட்ட கணக்கும் ஓடிய 28 நாளும்

கோவையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் தயாரித்துச் சொந்த இணையதளம் வழியாக விற்கும் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு நான் மெட்டா விளம்பரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். நான் உள்ளே வருவதற்கு முன்பே அங்கே ஒரு ஸ்ப்ளிட் டெஸ்ட் நடந்து முடிந்திருந்தது. இரண்டு விளம்பரங்கள், பத்து நாள். ஒன்றில் 31 கிரைண்டர் விற்றது, இன்னொன்றில் 22. உடனே 31 விற்றதுதான் ஜெயித்தது என்று முடிவு கட்டி, மற்ற எல்லா விளம்பரங்களையும் அதே பாணிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு விற்பனைக்கு ஆகும் செலவு இம்மியும் குறையவில்லை. "40 சதவீதம் அதிகம் வித்துச்சே தம்பி, அது எங்க போச்சு?" என்று முதலாளி அண்ணா கேட்டதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி.

எங்கேயும் போகவில்லை, அது முதலிலிருந்தே இருந்ததா என்பதே சந்தேகம். 53 காசுகளைச் சுண்டிப் பாருங்கள். பூவும் தலையும் 31-க்கு 22 என்றோ அதைவிடக் கோணலாகவோ விழுவது நான்கில் ஒரு தடவைக்கு மேல் நடக்கும். அதாவது இரண்டு பக்கமும் ஒரே விளம்பரத்தை ஓட்டியிருந்தாலும் இப்படி ஒரு 'வெற்றி' கிடைத்திருக்கலாம்.

இதைக் கையால் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதையே பயன்படுத்தப் போகிறேன். இரண்டு பக்கமும் ஒரே தொகை செலவழித்திருந்தால், இரண்டு பக்க விற்பனையையும் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் தற்செயல் அல்ல என்று, தற்செயல் நூற்றுக்கு 5 தடவைதான் ஏமாற்றலாம் என்ற வழக்கமான 5 சதவீத அளவுகோலில் சொல்ல முடியும். 53-இன் வர்க்கமூலம் 7.3, இரண்டு மடங்கு 14.6. வித்தியாசமோ 9. கிட்டவே வரவில்லை.

இந்தத் தடவை அண்ணாவின் திட்டம் இன்னும் பெரியது. இதுவரை ஓடியது கிரைண்டர் படமும் விலையும் போட்ட சாதாரணப் பட விளம்பரம். அதற்கு எதிராக மூன்று வீடியோக்களை ஓட்டிப் பார்க்கலாம், ஆக மொத்தம் நான்கு. அதற்கென்று 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருந்தார். வீடியோ ஜெயித்தால் மாதம் இரண்டு புது வீடியோ எடுப்பதாக முடிவு, ஒன்றுக்கு 30,000 என மாதம் 60,000 ரூபாய். ஒரு தடவை செலவழித்துவிட்டு மறந்துபோகும் விஷயமில்லை இது, மாதாமாதம் போகப்போகிற பணம். அதனால் சோதனையைத் தொடங்கும் முன் ஒரு வாரம் கணக்குப் போடக் கேட்டுக்கொண்டேன்.

முதல் வேலை, எதை எண்ணுவது என்று தீர்மானிப்பது. மெட்டாவின் விளம்பரக் கணக்கைக் காட்டும் ஆட்ஸ் மேனேஜர் முந்தைய மாதத்தில் 4 லட்சம் செலவுக்கு 615 விற்பனை காட்டியது, ஒரு விற்பனைக்கு 650 ரூபாய். ஆனால் இங்கே ஆர்டர்களில் நிறைய கேஷ் ஆன் டெலிவரி. வாசல் வரை போய், "வேண்டாங்க" என்று திரும்பி வருகிற பெட்டிகள் உண்டு. அதோடு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கிளிக் செய்யாமலே அடுத்த நாள் தானாக வந்து வாங்கியவரையும் மெட்டா தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு விளம்பரத்தின் இணைப்பிலும் தனி அடையாளம் வைத்திருந்ததால், கடையின் ஆர்டர் பட்டியலை எடுத்து, விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்து, வீட்டில் இறக்கி, பணமும் வந்து சேர்ந்த ஆர்டர்களை மட்டும் எண்ணினேன். 500. அப்படியானால் ஒரு உண்மையான விற்பனைக்கு 800 ரூபாய் ஆகிறது. கணக்கு முழுவதும் இந்த 800 மேல்தான் நிற்கிறது. 650 என்று எடுத்திருந்தால் நம் சோதனைக்கு இருக்கும் பார்வைக் கூர்மையை நாமே கூட்டிச் சொல்லியிருப்போம்.

அடுத்தது சாம்பிள் சைஸ். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் எல்லாம் கன்வர்ஷன் சதவீதத்தை, அதாவது வந்தவர்களில் எத்தனை சதவீதம் வாங்கினார்கள் என்பதைக் கேட்கும், பதிலாக 'ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர்' என்று சொல்லும். கிளிக் செய்தவர் வந்து சேரும் இணையப் பக்கமான லேண்டிங் பேஜைச் சோதிக்க அது சரி, அந்த இணையப் பக்கத்துக்கு வந்தவர்களைத்தான் அங்கே இரண்டாகப் பிரிக்கிறோம். விளம்பரச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பிரிக்கப்படுவது விளம்பரம் காட்டப்படும் மக்கள், கிளிக் செய்தவர்கள் அல்ல. யார் கிளிக் செய்கிறார் என்பதையே விளம்பரம்தான் மாற்றுகிறது. வீடியோ பார்த்து வேடிக்கைக்காக வருகிறவர் அதிகமானால் 'வந்தவர்களில் வாங்கியவர் சதவீதம்' குறையும், ஆனால் அதே பணத்துக்கு விற்பனை கூடியிருக்கலாம். ஆகவே கிளிக்கை அடியில் வைத்து வகுப்பது தப்பான கேள்வி. சரி, விளம்பரம் காட்டப்பட்டவர்களை வைத்து வகுக்கலாம் என்றால் சதவீதம் அவ்வளவு சின்னதாகிவிடும், எத்தனை சைபர் என்றே குழம்பிவிடும்.

நல்ல வேளையாக, சதவீதம் மிகச் சின்னதாக இருக்கும்போது கணக்கு சுருங்கிவிடுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே தேவையில்லை, ஒரு பக்கத்துக்கு எத்தனை விற்பனை வரும் என்பது மட்டும் போதும். வழக்கமான நிபந்தனைகளான 5 சதவீத அளவுகோலையும் 80 சதவீதப் பவரையும் எடுத்துக்கொண்டால், 10 சதவீத ஏற்றத்தைப் பிடிக்கப் பழைய விளம்பரத்தின் பக்கத்தில் சுமார் 1,650 விற்பனை வேண்டும். 20 சதவீதத்துக்கு 430, 30 சதவீதத்துக்கு 200. ஏற்றம் பாதியானால் தேவைப்படும் விற்பனை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. பட்ஜெட் பேசும்போது எல்லோரையும் திடுக்கிட வைப்பது இந்த நான்கு மடங்குதான்.

பவர் என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் எளிது. உண்மையிலேயே 20 சதவீத ஏற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் நான்கு சோதனைகள் அதைக் கண்டுபிடிக்கும், ஒன்று தவறவிடும். அந்த அளவு நம்பகத்தோடு கண்டுபிடிக்க முடிகிற மிகச் சின்ன ஏற்றத்துக்குத்தான் மினிமம் டிடெக்டபிள் எஃபெக்ட், சுருக்கமாக எம்.டி.இ. என்று பெயர். இருக்கும் பணத்திலிருந்து அதை நேராகக் கணக்கிட கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு வரி போதும். A2-இல் ஒரு பக்கத்துக்கு எதிர்பார்க்கும் விற்பனையைப் போட்டால் எம்.டி.இ. வரும்:

```
=(7.85/A2+SQRT((7.85/A2)^2+8*7.85/A2))/2
```

அந்த 7.85 மேலே சொன்ன 5 சதவீதம், 80 சதவீதம் என்ற இரண்டு நிபந்தனைகளிலிருந்து வருவது. இரண்டு பக்கமும் சமமாகச் செலவழித்தால்தான் இந்த வரி செல்லும்.

இப்போது அண்ணாவின் திட்டத்தை இதில் போடலாம். 3 லட்சத்தை 800-ஆல் வகுத்தால் 375 விற்பனை. நான்கு விளம்பரங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 94-தான் தேறும். A2-இல் 94 போட்டால் 0.45 வருகிறது. அதாவது ஒரு வீடியோ பழைய படத்தைவிட 45 சதவீதம் அதிகம் விற்றால்தான் இந்தச் சோதனை அதை நம்பகமாகப் பார்க்கும். அதிலும் மூன்று வீடியோக்களையும் தனித்தனியாகப் படத்தோடு ஒப்பிடும்போது, ஏதாவது ஒன்று தற்செயலாக ஜெயிக்கும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை வெறும் வீடியோவாக்கி 45 சதவீதம் தாண்டுவதை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு பக்கமிருந்து வர வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. எத்தனை சதவீத ஏற்றம் இருந்தால் கடைக்கு லாபம்? இதைப் பலரும் கேட்பதே இல்லை, பத்து என்றோ இருபது என்றோ ஒன்றைக் கால்குலேட்டரில் தட்டிவிடுகிறார்கள். ஒரு கிரைண்டரை 5,500 ரூபாய்க்கு விற்றால் விளம்பரச் செலவைக் கழிக்காமல் 1,900 ரூபாய் நிற்கும் என்றார் அண்ணா. விளம்பரச் செலவு அதே 4 லட்சமாக இருக்கும்போது கூடுதலாக விற்கும் ஒவ்வொரு கிரைண்டருக்கும் அந்த 1,900 முழுதாகக் கிடைக்கும். மாதம் 60,000 வீடியோ செலவை எடுக்க 32 கிரைண்டர் கூடுதலாக விற்க வேண்டும். 500-இல் 32 என்பது 6.4 சதவீதம்.

ஆக, கடைக்குத் தெரிய வேண்டியது 6.4 சதவீதத்துக்கு மேலா கீழா என்பது. சோதனைக்குத் தெரியப்போவது 45 சதவீதத்துக்கு மேலே இருந்தால் மட்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப 7 சதவீதத்தப் பார்க்க எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க" என்றார். ஒரு பக்கத்துக்கு 3,300-க்கும் மேல், இரண்டு பக்கமும் சேர்த்து 6,600 விற்பனை, மாதம் 500 வீதம் 13 மாதம். நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு ஆடித் தள்ளுபடி எல்லாம் வந்துபோகும். வீடியோவும் அதற்குள் பழசாகிவிடும். நடக்காது.

நடக்கக்கூடியதை மட்டும் பேசினோம். முதல் மாற்றம், சோதனைக்கென்று தனியாக 3 லட்சம் வைக்கத் தேவையில்லை. விளம்பரச் சோதனைக்குப் போகும் பணம் ஆய்வுக்கூடத்தில் கரைகிற பணமல்ல, இரண்டு பக்கமும் கிரைண்டர் விற்றுக்கொண்டுதான் இருக்கும். ஆகவே மாத விளம்பரச் செலவு 4 லட்சத்தையும் சோதனைக்குள் கொண்டுவந்தோம். இரண்டாவது, நான்கை இரண்டாக்கினோம். மூன்று வீடியோக்களில் படத்திலிருந்து மிகவும் விலகி நிற்பதை எடுத்தோம். ஒரு வீட்டு அடுக்களையில் ஊறவைத்த அரிசியை அள்ளிப் போடுவதில் தொடங்கி, மாவு பொங்கி நிற்பதில் முடியும் 40 நொடி வீடியோ. மற்ற இரண்டும் படத்தோடு இசை சேர்த்த மாதிரி இருந்தன. எம்.டி.இ. பெரிதாக இருக்கும்போது சின்னச் சின்ன மாற்றங்களைச் சோதிப்பது வீண், பெரிய வித்தியாசம் வரக்கூடிய விஷயத்தைத்தான் உள்ளே விட வேண்டும்.

மூன்றாவது, காலம். 28 நாள், முழுதாக நான்கு வாரம். சம்பளம் வரும் முதல் வாரத்தில் கிரைண்டர் விற்பதும் இருபதாம் தேதிக்கு மேல் விற்பதும் ஒன்றல்ல, ஞாயிறும் செவ்வாயும் ஒன்றல்ல. நான்கு வாரம் எடுத்தால் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் தொடங்கினோம்.

இப்படி மாற்றியபின் 500 விற்பனை, ஒரு பக்கத்துக்கு 250, எம்.டி.இ. 27 சதவீதம். 45-இலிருந்து 27-க்கு வந்தது நல்ல முன்னேற்றம், ஆனால் 6.4-க்கு இன்னும் வெகு தூரம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. வீடியோவின் உண்மையான ஏற்றம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிப்பது ஐந்தில் ஒரு முறைதான். அந்த ஒரு முறையிலும் சரியான எண் வராது. 500 விற்பனையில் வித்தியாசம் சுமார் 45-ஐத் தாண்டினால்தான் நம் வர்க்கமூல விதியில் தேறும், அதாவது கணக்கில் 20 சதவீதமாவது தெரிய வேண்டும். 10 உண்மையாக இருக்க 20 என்று காட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்றால், ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் எண் ஊதித்தான் இருக்கும். சின்னச் சோதனையில் ஜெயித்த விளம்பரம் அடுத்த மாதம் சோர்ந்துபோவதற்கு, விளம்பரம் சலித்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சலிப்பே அல்ல, இந்த ஊதல் இறங்குவதுதான்.

இங்கே 27-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முடிவில் 22 சதவீதம் ஏற்றம் தெரிந்தால், 'எம்.டி.இ. 27, இது அதற்குக் கீழே, ஆகவே செல்லாது' என்று தள்ளிவிடுகிறார்கள். தப்பு. 27 என்பது உண்மையில் எவ்வளவு ஏற்றம் இருந்தால் ஐந்தில் நான்கு முறை பிடிப்போம் என்று தொடங்கும் முன் போடும் கணக்கு. முடிவில் கையில் கிடைக்கும் எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது.

விற்பனை எண்ணிக்கைக்குப் பதில் ரூபாயை எண்ணலாமே என்று அண்ணா கேட்டார், நியாயமான கேள்வி. ஒருவர் ஒரு கிரைண்டர் வாங்குகிறார், இன்னொருவர் தங்கை வீட்டுக்கும் சேர்த்து மூன்று வாங்குகிறார். இந்த ஏற்ற இறக்கம், உண்மையான வித்தியாசத்தை மறைக்கும் கூடுதல் சத்தம். ஆர்டர் தொகைகளின் திட்ட விலக்கம் சராசரியில் பாதி அளவு இருந்தாலே 25 சதவீதம் அதிக ஆர்டர்கள் தேவைப்படும். எம்.டி.இ. இன்னும் மோசமாகும். இது சின்னக் கடைகளின் பிரச்சினை மட்டுமல்ல. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக, பங்குத் தரகு நிறுவனங்களின் 25 விளம்பரச் சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பல பத்து லட்சம் பேரைச் சென்றடைந்தவை. அப்படியும் விளம்பரத்தால் லாபமா நட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி முடிவுகள் மங்கலாக இருந்தன, ஆளுக்கு ஆள் செலவழிக்கும் தொகை அவ்வளவு ஆடுகிறது. அவர்கள் கேட்டது எங்களுடையதைவிடக் கடினமான கேள்வி, விளம்பரமே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது. ஆனால் ரூபாயை அளந்தால் சத்தம் கூடும் என்பது இரண்டுக்கும் பொது. நாங்கள் ஆர்டர் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டோம்.

கூடவே இரண்டாவதாக ஒன்றை எண்ணுவதாகவும் எழுதிவைத்தோம்: கார்ட்டில் போட்டவர்கள். ஒருவர் ஐந்து தடவை போட்டாலும் ஒன்றுதான். மாதம் சுமார் 2,000 பேர், பக்கத்துக்கு 1,000, எம்.டி.இ. 13 சதவீதம். பார்வை இரண்டு மடங்கு கூர்மை. ஆனால் கார்ட்டில் போடுவது பணம் தருவதல்ல, ஆகவே இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, விற்பனை எண் மங்கலாக இருந்தால் எந்தத் திசை என்று ஊகிக்க மட்டும் என்று எழுதினேன்.

முடிவு விதியையும் சோதனை தொடங்கும் முன் ஒரே பத்தியாக எழுதி இருவரும் வாட்ஸ்ஆப்பில் 'சரி' போட்டோம். வீட்டில் இறங்கிய ஆர்டர்களில் வித்தியாசம் வர்க்கமூல விதியைத் தாண்டி வீடியோ பக்கம் இருந்தால் மாதம் இரண்டு வீடியோ எடுக்கலாம். படம் பக்கம் இருந்தால் வீடியோவை நிறுத்திவிடலாம். எந்தப் பக்கமும் தாண்டாவிட்டால் புது வீடியோவுக்குப் பணம் போடுவதில்லை, எடுத்த வீடியோவைப் படத்தோடு சேர்த்து ஓட்டிக்கொள்ளலாம். 28 நாளுக்கு முன் நிறுத்துவது, விளம்பரம் ஏதாவது பழுதானால் மட்டும்.

அமைப்பில் கவனித்தது ஒன்று. இரண்டு விளம்பரங்களையும் ஒரே ஆட் செட்டுக்குள், அதாவது ஒரே பட்ஜெட்டைப் பகிரும் ஒரே தொகுப்புக்குள் போட்டால் அது சோதனையே ஆகாது. மெட்டா முதல் ஓரிரு நாளில் எது நன்றாகப் போகும் என்று ஊகித்துப் பணத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அதன் ஏ/பி டெஸ்ட் வசதியைப் பயன்படுத்தினால்தான் மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒருவருக்கு ஒரு விளம்பரம் மட்டும் காட்டும். அப்படிப் பிரித்தாலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் யாருக்குக் காட்டுவது என்பதை அல்காரிதம் விளம்பரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும். அடுக்களை வீடியோவை அது ஒரு மாதிரி ஆட்களுக்கும், விலை போட்ட படத்தை வேறு மாதிரி ஆட்களுக்கும் காட்டலாம். மைக்கேல் பிரான், எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே நமக்குக் கிடைக்கும் பதில் 'மக்களுக்கு எந்த விளம்பரம் பிடிக்கிறது' என்பது அல்ல. 'இந்த விளம்பரத்தை மெட்டாவிடம் கொடுத்தால் இந்தப் பணத்துக்கு எத்தனை விற்கும்' என்பதுதான். எங்கள் முடிவுக்கு அது போதும். ஆனால் வீடியோ ஜெயித்தால் அதே அடுக்களைக் காட்சியைப் பேருந்து நிறுத்தப் பலகையில் போடலாம் என்று இதிலிருந்து நீட்ட முடியாது.

ஆறாம் நாள் மாலை போன் வந்தது. அன்று வரை படத்தில் 45 ஆர்டர், வீடியோவில் 71. "தம்பி, பாத்தீங்களா? இன்னும் எதுக்குங்க காத்துக்கிட்டு இருக்கணும்?" வித்தியாசம் 26. மொத்தம் 116, வர்க்கமூலத்தின் இரண்டு மடங்கு 21.5. நம் விதியையே தாண்டிவிட்டது! ஏற்றம் 58 சதவீதம். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கும் கை பரபரத்தது.

ஆனால் அந்த விதி, முன்கூட்டிச் சொன்ன நாளில் ஒரே ஒரு முறை பார்ப்பதற்கு. ஒரு முறை பார்த்தால் தற்செயல் ஏமாற்றுவது நூற்றுக்கு 5. சோதனை ஓட ஓட சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, எப்போது தாண்டுகிறதோ அப்போது நிறுத்துவது என்றால் அது நூற்றுக்கு 14 ஆகிறது. இருபது முறை பார்த்தால் கிட்டத்தட்ட 25. தினமும் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பவர்கள் நாலுக்கு ஒரு தடவை இல்லாத வெற்றியைக் கண்டுபிடிப்பார்கள் என்று பொருள். நடுவில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் முறைகள் இருக்கின்றன, எத்தனை தடவை பார்ப்போம் என்று முதலிலேயே சொல்லி ஒவ்வொரு தடவைக்கும் கடினமான எல்லை வைப்பது. நாங்கள் அதைத் திட்டமிடவில்லை, ஆகவே பயன்படுத்தவும் முடியாது. போதாக்குறைக்கு, ஆறு நாள் ஆர்டர்களில் பாதிப் பெட்டிகள் இன்னும் வழியில்தான் இருந்தன. நான் அண்ணாவிடம் அந்த வாட்ஸ்ஆப் பத்தியைத் திரும்ப அனுப்பி, "இன்னும் 22 நாள்ங்ணா, ரெண்டு பக்கமும் வித்துக்கிட்டுத்தான இருக்கு" என்றேன். விட்டுவிட்டார்.

28 நாள் முடிந்து, கடைசி ஆர்டர்களும் வீடு சேரட்டும் என்று இன்னும் 15 நாள் பொறுத்துப் பட்டியலை எடுத்தேன். முதலில் செலவைப் பார்த்தேன், படம் 1,99,000, வீடியோ 2,01,000. சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தில் 251 விற்பனை, வீடியோவில் 268. வித்தியாசம் 17. மொத்தம் 519-இன் வர்க்கமூலம் 22.8, இரண்டு மடங்கு 46. தாண்டவில்லை. முதல் ஆறு நாளைக் கழித்துப் பார்த்தால் மீதி 22 நாளில் படம் 206, வீடியோ 197 (இங்கே முதல் ஆறு நாள் எண்ணில் பின்னால் திரும்பி வந்த சில பெட்டிகளும் இருந்ததால் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும்). அந்த 58 சதவீதம் முதல் வாரத்தோடு சரி.

முடிவை 'வித்தியாசம் இல்லை' என்று எழுதக் கூடாது, எழுதவும் இல்லை. வீடியோவின் ஏற்றம் 7 சதவீதம் என்று தெரிகிறது, ஆனால் உண்மை 10 சதவீத இறக்கத்திலிருந்து 27 சதவீத ஏற்றம் வரை எங்கும் இருக்கலாம் என்பதே இந்த 519 விற்பனை சொல்வது. லாபத்துக்குத் தேவையான 6.4 அந்த இடைவெளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது ஜனவரியிலேயே தெரியும். முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது: வீடியோ போட்டால் விற்பனை ஒன்றரை மடங்காகும் என்ற பேச்சுக்கு இடமில்லை.

கார்ட் எண்ணிக்கை சுவாரசியமாக வந்தது. படத்தில் 968 பேர், வீடியோவில் 1,114. வித்தியாசம் 146, எல்லை 91, தெளிவாகத் தாண்டுகிறது. வீடியோ அதிகம் பேரைக் கார்ட் வரை கூட்டி வருகிறது என்பது உண்மைதான் போலிருக்கிறது. அவர்களில் வாங்கியவர்கள் படத்தில் நூற்றுக்கு 26, வீடியோவில் 24, இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கார்ட்டையே முதன்மை எண்ணாக வைத்திருந்தால் 15 சதவீத வெற்றி என்று கொண்டாடி, மாதம் 60,000 செலவில் இறங்கியிருப்போம். அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் விற்பனையைப் பார்த்து எடுத்த முடிவாக இருந்திருக்காது.

எழுதிவைத்த விதியின் மூன்றாவது வரிதான் பொருந்தியது. புது வீடியோக்களுக்கான பேச்சை நிறுத்திவிட்டு, எடுத்த வீடியோவையும் படத்தையும் சேர்த்து ஓட்டுகிறோம். அடுத்த சோதனை, பழைய கிரைண்டரைக் கொடுத்தால் விலையில் குறைத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் சலுகையைச் சொல்லும் விளம்பரம். பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணா லாபக் கணக்கைப் போட்டுவிட்டார். தள்ளுபடிக்குப் பின் ஒரு கிரைண்டரில் 1,300-தான் நிற்கும், ஆகவே விற்பனை 46 சதவீதம் கூடினால்தான் பழைய லாபமே வரும். எம்.டி.இ. 27, தேவை 46. இந்தக் கேள்விக்கு எங்கள் 28 நாள் போதும், ஏப்ரலில் தொடங்குகிறோம்.